நாட்குறிப்பைச் சுருக்கக் கருவிக்குத் தருமுன் அந்தரங்க விவரங்களை நீக்குதல்

ஒருவர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கக் கருவி ஒன்றிடம் கொடுத்து, ஒரு பக்க அளவில் சாரத்தைப் பெறுவது இன்று எளிதாகிவிட்டது. அவ்வாறு கொடுப்பதற்கு முன், குறிப்புகளில் உள்ள எந்த விவரங்களை நீக்குவது, எவற்றை மாற்றி எழுதுவது, எவற்றை அப்படியே விடுவது என்று முடிவு செய்வதே இக்கட்டுரையின் பொருள். பி.எட். மாணவர்கள் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி பெறும் காலத்தில் எழுதும் அனுபவக் குறிப்பேடு இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அக்குறிப்பேட்டில் எழுதுபவரின் அந்தரங்கத்தோடு பிறர் வீட்டுக் குழந்தைகளின் அந்தரங்கமும் கலந்திருக்கும் என்பதால், இந்தச் சிக்கலின் எல்லா முகங்களும் அதில் தெரியும்.

கருவியிடம் சென்ற எழுத்து எங்கே போகிறது

இணையத்தில் இயங்கும் சுருக்கக் கருவியில் ஒட்டப்படும் எழுத்து, நம் கணினியை விட்டு அந்நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. பெரும்பாலும் நம் கணக்கின் உரையாடல் வரலாற்றில் அது தங்கும். கருவியை மேம்படுத்த அதைப் பயன்படுத்தலாமா என்பது நாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளையும் அமைப்புகளில் நாம் தேர்ந்தெடுத்ததையும் பொறுத்தது. வரலாற்றிலிருந்து நாம் அழித்தாலும், நிறுவனத்தின் கணினிகளிலிருந்து அது அந்தக் கணமே அழிந்துவிடும் என்று கொள்ள முடியாது. சொந்தக் கணினியிலேயே இணையமின்றி இயங்கும் கருவிகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கவலை குறைவு.

இது எழுத்து வெளியேறும் முதல் வாசல். பலர் மறந்துவிடும் இரண்டாம் வாசல் ஒன்றும் உண்டு. கிடைத்த சுருக்கத்தை நாம் நமக்குள் வைத்துக்கொள்வதில்லை. பயிற்சி ஆசிரியர் அதைப் பதிவேட்டில் ஒட்டுவார், வழிகாட்டி ஆசிரியரிடம் காட்டுவார், உடன் பயிலும் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். சுருக்கத்துக்கு ஒரு குணமும் உண்டு. குறிப்பேட்டின் ஏழாம் பக்கத்து நடுவில் ஒரு வரியாக ஒளிந்திருந்த செய்தி, முக்கியமானது என்று கருவிக்குப் பட்டால் சுருக்கத்தின் இரண்டாம் வரிக்கு வந்து நிற்கும். அந்தரங்கமான செய்திகளே பெரும்பாலும் அப்படி மேலே வருகின்றன, ஏனெனில் அவையே அழுத்தமாக எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே விவரங்களை இரண்டு வாசகர்களை மனத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒருவர் முன்பின் அறியாதவர். மற்றவர் அந்தப் பள்ளியையும் ஊரையும் அறிந்தவர். முதலாமவருக்கு யாரென்று தெரியாத குழந்தையை இரண்டாமவர் ஒரே வரியில் கண்டுகொள்வார்.

பெயரை நீக்கினால் போதாது

பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்பது பொதுவான எண்ணம். அமெரிக்கக் கணினி அறிஞர் லதான்யா ஸ்வீனி 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு, அந்த எண்ணத்தை உடைத்தது. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று அவர் காட்டினார். இம்மூன்றில் எதுவும் தனியாக ஆளைக் காட்டாது. சேர்க்கையே காட்டுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஊடகங்கள் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. பெயரோடு நிற்காமல், முகவரி, நிழற்படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று அடுக்கி, அடையாளத்தைக் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் கூடாது என்று முடிக்கிறது. அப்பிரிவு ஊடகங்களுக்கானது, நாட்குறிப்புக்கானது அன்று. ஆயினும் ஒரு குழந்தையை எவையெல்லாம் அடையாளம் காட்டும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பட்டியல் கிடைப்பது அரிது.

வகுப்பறையில் இந்தச் சேர்க்கை இன்னும் கூர்மையானது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ‘ஒரே’ என்ற சொல் வந்தாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும். ஒரே இரட்டையர், விடுதியிலிருந்து வரும் ஒரே பெண், காதுக்கருவி அணியும் ஒரே பிள்ளை என்று எழுதிவிட்டால் பெயர் எழுதியதற்கும் எழுதாததற்கும் வேறுபாடில்லை.

முதலில் நோக்கம்

நீக்கத் தொடங்குமுன், இந்தச் சுருக்கம் எதற்கு என்று ஒரு வரியில் எழுதிக்கொள்வது நல்லது. ‘இந்த வாரம் என் கற்பித்தலில் எது பலித்தது, எது பலிக்கவில்லை’ என்பது பயிற்சி ஆசிரியரின் நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். இனி ஒவ்வொரு விவரத்தையும் அந்த வரியோடு ஒட்டிப் பார்க்கலாம். ஒரு விவரம் நீங்கினாலும் சுருக்கம் மாறாது என்றால், அது யாருக்கும் தீங்கற்றதாகத் தோன்றினாலும் நீக்கிவிடலாம். நீங்கினால் சுருக்கம் பொருளற்றுப் போகும் என்றால், அதை வேறு சொல்லில் தக்கவைக்க வழி தேட வேண்டும். ‘இது ரகசியமா’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முடிவே வராது. ‘இது தேவையா’ என்ற கேள்விக்கு விடை விரைவில் கிடைக்கும்.

சில பதிவுகளைத் திருத்தாமல் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையைப் பயிற்சி ஆசிரியரிடம் சொல்லியிருந்தால், அந்தப் பதிவு எந்த வடிவிலும் சுருக்கக் கருவிக்குப் போகக் கூடாது. அது பாலியல் குற்றமாக இருப்பின், மேலே சொன்ன சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை அறிந்தவர் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அந்தக் குழந்தையின் சொற்கள் போகவேண்டிய இடம் அது.

ஒரு வாரக் குறிப்பு: எடுத்துக்காட்டு

கீழே உள்ள குறிப்புகளும் பெயர்களும் இக்கட்டுரைக்காகப் புனையப்பட்டவை. எட்டாம் வகுப்புக்குக் கணிதம் நடத்திய ஒரு பயிற்சி ஆசிரியையின் வாரத்திலிருந்து இரண்டு நாள்கள்:

> செவ்வாய். 8ஆ. சதவீதம், இரண்டாம் பாடவேளை. செல்வம் இன்றும் வரவில்லை. அவன் அப்பா குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாராம், மணி சொன்னான். கவிதா முன் பெஞ்சில் இருந்தும் ஒரு கணக்குகூட எழுதவில்லை. காது மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பாடம் முடிந்த பிறகுதான் சொன்னாள். நான் போர்டைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வழிகாட்டி ஆசிரியர் எல்லார் முன்னாலும், ‘டீச்சர், பின்னாடி எதுவும் கேக்கல’ என்றார். அழுகை வந்துவிட்டது.

> வியாழன். சாயங்காலம் 4 மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அம்மா போன். பாடக்குறிப்பு எழுதவில்லை. தள்ளுபடிக் கணக்கைப் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினேன், பாதி வகுப்புக்குப் புரியவில்லை. மூன்று நாள் கழித்துச் செல்வம் வந்தான். தள்ளுபடியை எந்த விலையிலிருந்து கழிப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை. செல்வத்தின் அம்மா வந்து, இனி அவனை வேலைக்கு அனுப்பப் போகிறேன் என்று எச்.எம்.மிடம் சொன்னதைக் கேட்டேன்.

செல்வத்திலிருந்து தொடங்கலாம். கற்பித்தல் நோக்கத்துக்கு அவனைப் பற்றித் தேவையானவை இரண்டே: மூன்று நாள் வரவில்லை, அதனால் தள்ளுபடிக் கணக்கின் அடிப்படை அவனுக்குப் பிடிபடவில்லை. தந்தையின் குடி, விபத்து, மருத்துவமனை மூன்றும் தேவையில்லை. மேலும் அது மணி சொல்லக் கேட்ட செய்தி. கேள்விப்பட்டதைக் கருவி ‘தந்தையின் குடிப்பழக்கத்தால் மாணவர் பாதிக்கப்பட்டார்’ என்று உறுதியான வாக்கியமாக்கிவிடும். வேலைக்கு அனுப்பும் பேச்சும் சுருக்கத்துக்கு உரியதன்று. தலைமையாசிரியர் அறிந்துவிட்ட அச்செய்தியில் அடுத்து என்ன செய்வது என்பதை அவரோடு நேரில் பேச வேண்டும்.

பயிற்சி ஆசிரியை தன்னைப் பற்றி எழுதியவற்றில் அவருக்கு முழு உரிமை உண்டு. அழுகை வந்ததை வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். என் கருத்தில் அது பயிற்சிக் காலத்தின் மெய்யான செய்திதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வருகை இரு குடும்பங்களின் செய்தி. அது முடிவாகாமல் போகலாம், பதிவேட்டில் நின்றுவிடும். ‘சொந்த வேலை’ என்ற இரண்டு சொற்கள் அதே பயனைத் தரும்.

வழிகாட்டி ஆசிரியர் சொன்னதில் தேவையான கருத்து, குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்பது. எல்லார் முன்னும் சொன்னார் என்பது அவர்மீதான குறை. சுருக்கம் அவர் கைக்கே போகப்போகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடினமான முடிவு கவிதாவைப் பற்றியது. காதுக்கருவியே அவளைத் தனித்துக் காட்டும் அடையாளம். அந்த வாரத்தின் பெரிய பாடமும் அதில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால், ஒரு மாணவி காரணமின்றிக் கணக்கு எழுதவில்லை என்றாகும், கருவி அவளை ஆர்வமற்றவளாகச் சித்திரிக்கவும் கூடும். வெட்டாவிட்டால் அவளது உடல்நிலைச் செய்தி வெளியேறும். இத்தகைய இடங்களில் குழந்தையைப் பற்றிய செய்தியைக் கற்பித்தலைப் பற்றிய செய்தியாகத் திருப்பி எழுதுவது பயனளிக்கும். ‘கவிதாவுக்குக் காது கேட்கவில்லை’ என்பதன் மறுபக்கம், ‘முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் பின்தொடர முடிகிற ஒருவர் வகுப்பில் இருந்தபோது நான் கரும்பலகையைப் பார்த்துப் பேசினேன்’ என்பது. இவ்வாறு எழுதும்போது குறை ஆசிரியரின் நிற்கும் முறைக்கு மாறுகிறது. சுருக்கம் சொல்லவேண்டியதும் அதுவே. கருவியின் பெயர், பேட்டரி, முன் பெஞ்ச் ஆகியவை தாமே உதிர்ந்துவிடுகின்றன. ஊரறிந்தவர் அப்போதும் ஊகிக்கக் கூடும். அதற்காகவே வகுப்புப் பிரிவும் பள்ளிப் பெயரும் ஊர்ப் பெயரும் எங்கும் இருக்கக் கூடாது.

திருத்திய வடிவம்:

> செவ்வாய். சதவீதம், இரண்டாம் பாடவேளை. மாணவர் அ இன்றும் வரவில்லை. மாணவர் ஆ ஒரு கணக்கும் எழுதவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் அவரால் பின்தொடர முடியும், நானோ கரும்பலகையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தேன். இதைப் பாடம் முடிந்த பிறகே அறிந்தேன். என் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை என்று வகுப்பைக் கவனித்தவரும் சொன்னார். அழுகை வந்துவிட்டது.

> வியாழன். சொந்த வேலையால் பாடக்குறிப்பு எழுதவில்லை. தள்ளுபடிக் கணக்கைப் புத்தகத்தில் உள்ளபடியே நடத்தினேன், பாதி வகுப்புக்குப் புரியவில்லை. மாணவர் அ மூன்று நாள் விடுப்புக்குப் பின் வந்தார். தள்ளுபடியை எந்த விலையிலிருந்து கழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெயர் இருந்த இடத்தை வெற்றிடமாகவோ புள்ளிகளாகவோ விடாமல் ‘மாணவர் அ’ என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. செவ்வாயன்று வராதவரும் வியாழனன்று தடுமாறியவரும் ஒருவரே என்பது கருவிக்குத் தெரிந்தால்தான் வாரத்தின் தொடர்ச்சி சுருக்கத்தில் வரும். ஒருவருக்கு வாரம் முழுதும் ஒரே குறி இருக்க வேண்டும். செல்வத்துக்கு ‘செ’, கவிதாவுக்கு ‘க’ என்று முதலெழுத்தையே குறியாக வைப்பது பாதி மறைப்புதான். வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணையும் குறியாக வைக்கக் கூடாது.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு வசதி உண்டு. வந்தான், வந்தாள் என்பவற்றை ‘வந்தார்’ ஆக்கிவிட்டால் ஆணா பெண்ணா என்பதும் மறைந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையை ‘அவர்’ என்பது முதலில் சற்று விறைப்பாக இருக்கும், பழகிவிடும். ஒரே இடத்தில் மறந்து ‘சொன்னாள்’ என்று விட்டுவிட்டால் மற்ற இடங்களில் மாற்றியது வீண்.

தமிழில் தேடி மாற்றும்போது நேரும் பிழைகள்

தட்டச்சு செய்த குறிப்பில் பெயர்களை மாற்ற, எழுத்துச் செயலியின் தேடி மாற்றும் வசதியைப் பலரும் நம்புகிறார்கள். தமிழில் அது அரைகுறையாகவே வேலை செய்யும். ‘செல்வம்’ என்று தேடினால் செல்வம் மட்டுமே அகப்படும். செல்வத்தை, செல்வத்தின், செல்வத்துக்கு ஆகியவற்றில் மகர ஒற்று போய் ‘த்து’ வந்துவிடுவதால் அவை அகப்படாமல் தங்கிவிடும். மேலே உள்ள வியாழக்கிழமைப் பதிவில் ‘செல்வத்தின் அம்மா’ அப்படித் தப்பியிருக்கும். அப்பெயரை ‘செல்வ’ என்ற அளவில் தேட வேண்டும். அப்போது செல்வி, செல்வராணி போன்றவையும் சேர்ந்து அகப்படக் கூடும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

‘மணி’யில் எதிர்மாறான தொல்லை. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் ‘4 மணிக்கு’ என்பது ‘4 மாணவர் இக்கு’ என்றாகிவிடும். மலர், கண்ணன், வெற்றி, தமிழ் போல வழக்குச் சொல்லாகவும் பெயராகவும் வழங்குபவை நம்மிடம் ஏராளம். ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றும் முறையே இங்கு ஏற்றது. மேலும் கொ, கோ போன்ற எழுத்துகளைக் கணினியில் இருவகையாகச் சேமிக்க முடியும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் சில செயலிகளின் தேடலில் ஒன்று அகப்பட்டு மற்றது தப்பிவிடும். ‘கோமதி’ இருமுறை கண்ணில் பட்டும் தேடல் ஒன்று என்று சொன்னால் காரணம் இதுவாக இருக்கலாம். கைப்பேசியில் பாதியும் கணினியில் பாதியும் தட்டியவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஆகவே தேடலுக்குப் பின் ஒருமுறை கண்ணால் படிப்பது தவிர்க்க முடியாதது. அப்போது பெயர்களைவிட, எண்களையும் உறவுச் சொற்களையும் தேடிப் படிப்பது பலன் தரும். தொலைபேசி எண், ஆதார் எண், எமிஸ் எண், துல்லியமான மதிப்பெண் ஆகியவை எண்களாக இருக்கும். அப்பா, அம்மா, பாட்டி, மாமா என்ற சொற்களைச் சுற்றித்தான் குடும்பச் செய்திகள் இருக்கும். சாதி, மதம் பற்றிய குறிப்புகள் உதவித்தொகை, விடுதி, திருவிழா விடுப்பு ஆகியவற்றை ஒட்டி வந்துவிடும்.

குறிப்பேட்டின் பக்கத்தைப் படமெடுத்துக் கருவியிடம் தருவது இந்த உழைப்பையெல்லாம் தவிர்ப்பதுபோல் தோன்றும். படத்தில் முழுப் பக்கமும் போய்விடுகிறது. கைப்பேசியில் பேனாக் குறியால் அடித்து மறைத்தாலும், சில பேனாக்கள் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும். தட்டச்சு செய்வதே மேல். தட்டச்சுக் கோப்பையும் அப்படியே ஏற்றாமல் எழுத்தை மட்டும் நகலெடுத்து ஒட்ட வேண்டும். கோப்பில் எழுதியவர் பெயரும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் வசதி இயங்கியிருந்தால் நாம் நீக்கிய பெயர்களும் உள்ளே இருக்கும்.

சுருக்கம் வந்த பிறகு

கிடைத்த சுருக்கத்தைத் திருத்திய குறிப்போடு அன்றி மூலக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். முதலில் ஆள் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆ என்பவர் எழுதாததை அ என்பவர் மேல் ஏற்றிவிடுவது நடக்கக் கூடியது. அடுத்து, நாம் தராத காரணம் எங்காவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நாள் வராத மாணவரைப் பற்றி ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்று கருவி தானே நிரப்பியிருந்தால், அது தற்செயலாக உண்மையாகவே இருந்தாலும் அடிக்கப்பட வேண்டும். மாணவர் ஆ ‘பாடத்தில் ஆர்வம் காட்டவில்லை’ என்றிருந்தால், நாம் திருப்பி எழுதிய வரி போதுமான அளவு தெளிவாக இல்லை என்று பொருள். அந்த வரியைச் சீர்செய்து மீண்டும் கொடுக்கலாம். நீக்கியதை எடுத்துச் சேர்க்க வேண்டியதில்லை.

மாணவர் அ யார், ஆ யார் என்ற திறவுகோலைக் குறிப்பேட்டின் கடைசித் தாளில் மையால் எழுதி வைத்தால் போதும். அதே கோப்பிலோ அதே உரையாடலிலோ அது இருக்கக் கூடாது. அடுத்த வாரம் செல்வம் மீண்டும் வரும்போது அதே ‘அ’வைப் பயன்படுத்துவதா என்பது நோக்கத்தைப் பொறுத்தது. ஒரே மாணவரின் முன்னேற்றத்தைப் பயிற்சி முடியும்வரை தொடர வேண்டுமானால் அதே குறி வேண்டும். ஆனால் வாரங்கள் கூடக் கூட அந்தக் குறியைச் சுற்றிச் செய்திகளும் கூடி, ஸ்வீனி காட்டிய சேர்க்கை மெல்ல உருவாகும். அந்தத் தேவை இல்லாதபோது வாரந்தோறும் குறிகளை மாற்றி, புதிய உரையாடலில் தொடங்குவது நல்லது.